மூடிய பெட்டிக்குள் ஒரு ஜிபியு பலகை: 50 நிமிடத்துக்குப் பிறகு மட்டும் மந்தமான ரோபோ

பின்னணி

தூசி நிறைந்த பெரிய கூடங்களில் ஓடி, இயந்திரங்களைக் கேமராவால் பார்த்துவரும் சக்கர ரோபோ அது. அதன் மூளை ஜெட்சன் ஓரின் என்எக்ஸ் 16 ஜிபி மாட்யூல். 25 வாட் மோடில் ஓடிக்கொண்டிருந்தது. தூசியும் தண்ணீர்ச் சிதறலும் உள்ளே போகக் கூடாது என்பதால் பெட்டிக்கு ஐபி65 தரம் கேட்டிருந்தார்கள். அதனால் துளையோ வெளிக்காற்று இழுக்கும் விசிறியோ கிடையாது. 300 × 220 × 120 மில்லிமீட்டர் அளவுள்ள அலுமினியப் பெட்டி, ரப்பர் வளையம் வைத்து இறுக்கிய மூடி, அவ்வளவுதான்.

மாட்யூலோடு வழக்கமாக வரும் விசிறி வைத்த ஹீட்சிங்க் உள்ளே இருந்தது. அதே பெட்டியில் எஸ்எஸ்டி, நெட்வொர்க் ஸ்விட்ச், வைஃபை, மின்னழுத்த மாற்றிகள், மோட்டார் டிரைவர்கள் எல்லாம் சேர்ந்திருந்தன. ஆய்வகத்தில் பெட்டியை மூடி 20 நிமிடம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்தார்கள். அறை 24 டிகிரி, சிப் 75 டிகிரியில் நின்றது. சரி என்று முடிவு செய்து ரோபோவைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சூழல் 38 டிகிரி.

கூடத்தில் தெரிந்தது

முதல் முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். அதன்பின் பொருள் கண்டறியும் நிரல் வினாடிக்கு 30 பிரேமிலிருந்து 18, 19 என்று இறங்கும். பிரேம் தாமதமானால் பாதுகாப்பு நிரல் வண்டியை நிறுத்திவிடும், ஆகவே ரோபோ நடுவழியில் தயங்கித் தயங்கி நின்றது.

நிரல் எழுதியவர்கள் மெமரி கசிவு என்று சந்தேகித்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. நிரலை நிறுத்தி பலகையை ரீஸ்டார்ட் செய்தால் வேகம் திரும்பிவிடும். ஆனால் அந்த வேகம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை யாரும் குறித்துவைக்கவில்லை. குறித்துப் பார்த்தபோது கதை மாறியது. காலையில் குளிர்ந்த நிலையில் தொடங்கினால் 50 நிமிடம் தாங்குகிறது, மந்தமானதும் ரீஸ்டார்ட் செய்தால் ஆறேழு நிமிடம்தான். மெமரி கசிவாக இருந்தால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். இங்கே ஏதோ ஒன்று ரீஸ்டார்ட்டைத் தாண்டியும் நினைவு வைத்திருக்கிறது. பெட்டியின் சூடுதான் அது.

வெப்ப ஆய்வுக்காக நான் சேர்ந்தது இந்தக் கட்டத்தில். முதலில் செய்தது ஒரு முழு ஓட்டத்துக்குப் பதிவு எடுத்ததுதான்.

```
sudo tegrastats --interval 5000 --logfile veppam.log
```

பதிவில் `tj` என்ற மதிப்பு சிப்பின் மிகச் சூடான இடத்தைக் காட்டும், `VDD_IN` மாட்யூல் இழுக்கும் மொத்த மின்திறனைக் காட்டும். `tj` மெதுவாக ஏறி 99 டிகிரியைத் தொட்டதும் ஜிபியு கடிகார வேகம் படிப்படியாக இறங்கியது, `VDD_IN` கூடவே இறங்கியது. ஆனால் ஜிபியு பயன்பாடு மட்டும் 99 சதவீதத்திலேயே இருந்தது. இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் வேறு சந்தேகம் வேண்டாம். வேலை குறையவில்லை, பிரேம் குறைகிறது, மின்திறனும் குறைகிறது என்றால் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கிறது.

எத்தனை வாட் என்பதில் இருந்த ஓட்டை

அணியின் மின்திறன் பட்டியலில் "கணினி: 25 வாட்" என்று ஒரே வரி. அந்த 25 என்பது மாட்யூலுக்கான உச்சவரம்பு. மாட்யூல் செருகப்பட்டிருக்கும் கேரியர் பலகையில் உள்ள மற்றவை, மாற்றிகளில் வீணாவது, டிரைவர்களின் சூடு எதுவும் அதில் இல்லை. மூடிய பெட்டிக்குள் வரும் மின்சாரத்தில் மோட்டாருக்கு வெளியே போவது தவிர மீதி முழுவதும் சூடாகத்தான் மாறும். எந்தச் சாதனம் எவ்வளவு என்ற விவாதத்தைவிட, பெட்டிக்குள் நுழையும் ஒயரில் அளப்பது எளிது.

மோட்டார் இணைப்பைக் கழற்றி, பதிவு செய்த வீடியோவை நிரலுக்கு ஊட்டி, 24 வோல்ட் சப்ளையில் அளந்தோம். 1.35 ஆம்பியர் வந்தது, அதாவது சுமார் 32 வாட். அதில் மாட்யூல் 21, மாற்றிகள் 4, எஸ்எஸ்டி 3, ஸ்விட்சும் வைஃபையும் இரண்டிரண்டு. வண்டி ஓடும்போது மோட்டார் டிரைவர்களில் வீணாவது சராசரியாக 6 வாட். மொத்தம் 38.

சூடு போகும் பாதை

சிப்பிலிருந்து வெளிக்காற்று வரை மூன்று படிகள் இருந்தன. சிப்பிலிருந்து ஹீட்சிங்க் வழியாகப் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு, அந்தக் காற்றிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து வெளியே. பெட்டி முழுவதும் சூடாகி நிலைபெற்ற ஒரு நீண்ட ஓட்டத்தில், ஒவ்வொரு இடத்திலும் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் ஒட்டி வித்தியாசங்களை எடுத்தோம்.

சுவர் வெளிக்காற்றைவிட 36 டிகிரி அதிகம். 38 வாட்டுக்கு 36 டிகிரி என்றால் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 0.95 டிகிரி, சூடு வெளியேறச் சுவர் காட்டும் தடை இதுதான். உள்காற்று சுவரைவிட 25 டிகிரி அதிகம். சிப் உள்காற்றைவிட 15 டிகிரி அதிகம். மொத்தம் 76. 24 டிகிரி அறையிலேயே இது 100 ஆகிவிடுகிறது. 38 டிகிரிக் கூடத்தில் 114 என்று கணக்கு வரும். சிப் அதை விடாது, 99-ல் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஹீட்சிங்க் விசிறியைப் பெரிதாக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. அந்த விசிறி வேலை செய்வது கடைசி 15 டிகிரியில் மட்டும்தான். அதைப் பாதியாக்கினாலும் 7 டிகிரிதான் மிச்சம். மூடிய பெட்டியில் விசிறி சூட்டை வெளியேற்றுவதில்லை, உள்ளேயே இடம் மாற்றுகிறது.

20 நிமிடச் சோதனை ஏன் தேறியது

அறையிலேயே 100 டிகிரிக்குப் போகும் பெட்டி 20 நிமிடத்தில் 75 காட்டியது எப்படி? சிப்பும் ஹீட்சிங்கும் உள்காற்றும் சில நிமிடங்களில் தங்கள் வித்தியாசத்தை அடைந்துவிடும். பெட்டியின் உலோகம் அப்படி இல்லை. பெட்டி, உள் சட்டம், பலகைகள் எல்லாம் சேர்ந்து ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 3500 ஜூல் கேட்டன. அதைச் சுவரின் தடையோடு பெருக்கினால் நேர மாறிலி கிடைக்கும்.

```
τ = R × C = 0.95 × 3500 ≈ 3300 வினாடி ≈ 55 நிமிடம்
```

ஒரு நேர மாறிலியில் இறுதி ஏற்றத்தின் 63 சதவீதம்தான் நடக்கும். 20 நிமிடத்தில் முப்பது சதவீதம். சுவரின் 36 டிகிரியில் 11 மட்டும் ஏறியிருந்த நேரத்தில் சோதனையை முடித்துவிட்டார்கள். 24-உம் 11-உம் 25-உம் 15-உம் கூட்டினால் 75, சோதனையில் கிடைத்த அதே எண். கூடத்தில் சூழல் 14 டிகிரி அதிகம், அங்கே சுவர் 21 டிகிரி ஏறினாலே சிப் 99-ஐத் தொடும். இதே நேர மாறிலியோடு கணக்கிட்டால் அந்த நேரம் 49 நிமிடம். எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த 50 நிமிடம் அதுதான்.

ரீஸ்டார்ட் மாயமும் இதில் அடங்கும். பலகை நின்று எழும் நேரத்தில் சிப்பும் உள்காற்றும் வேகமாகக் கொஞ்சம் இறங்கிவிடும், சுவர் இறங்காது. ஆகவே கிடைப்பது சில நிமிடம் மட்டும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, சிப்பின் சூட்டைக் காற்றில் விடாமல் நேராகச் சுவருக்குக் கொண்டுபோவது. ஹீட்சிங்கை எடுத்துவிட்டு, மாட்யூலின் மேல்தகட்டுக்கும் பெட்டியின் பக்கச் சுவருக்கும் நடுவே ஓர் அலுமினியக் கட்டி வைத்தோம், இரு முகத்திலும் சூடு கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேட். பேட் தடிமன் இங்கே எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கே சொல்லும். 40 × 40 மில்லிமீட்டர் பரப்பில், கடத்துதிறன் 3 கொண்ட 1 மில்லிமீட்டர் பேட் ஒரு வாட்டுக்கு 0.2 டிகிரி எடுத்துக்கொள்ளும். இடைவெளி சரியாக வராமல் 3 மில்லிமீட்டர் பேட் வைத்தால் 0.6 ஆகிவிடும். இரண்டு முகத்திலும் அப்படி என்றால் கட்டி வைத்ததன் பலனே போய்விடும். மொத்தப் பாதைக்கு 0.5 என்று இலக்கு வைத்தோம்.

இரண்டாவது, பெட்டிக்கு வெளியே பெயின்ட். இதற்கு எதிர்ப்பு வந்தது. "அலுமினியம் நல்லா சூடு கடத்தும், அதுக்கு மேல போய் பெயின்ட் அடிச்சா போர்வை போத்தின மாதிரி ஆகாதா?" என்று இயந்திர வடிவமைப்பாளர் கேட்டார். பெயின்ட்டின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, அதன் தடை கணக்கில் வராத அளவு. மாறாக, காற்று அசையாத இடத்தில் சுவரிலிருந்து வெளியேறும் சூட்டில் கதிர்வீச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. பளபளப்பான வெறும் அலுமினியத்தின் உமிழ்திறன் 0.1 அளவுதான். பெயின்ட் அடித்த பரப்புக்கு 0.9. இந்த வெப்பநிலைகளில் இயற்கையாக எழும் காற்றோட்டம் ஒரு சதுர மீட்டருக்கு டிகிரி ஒன்றுக்கு 5 வாட் எடுத்துப்போகும், பெயின்ட் அடித்த சுவரின் கதிர்வீச்சு 7 வாட். வெறும் அலுமினியத்தில் அந்த ஏழு ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. கறுப்புதான் வேண்டும் என்பதும் இல்லை. இந்தச் சூட்டில் கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில்தான் நடக்கிறது, அங்கே வெள்ளை பெயின்ட்டும் கறுப்பைப் போலவே உமிழும். வெயிலில் நிற்கும் ரோபோ என்றால் வெள்ளையே நல்லது. வெளியே தெரியும் முகங்களுக்கு வெளிர் சாம்பல் அடித்தார்கள். கட்டி உட்காரும் இடத்தை டேப் ஒட்டி விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது முடிவு மின்திறனில். 15 வாட் மோடுக்கு இறக்கிவிடலாம் என்பது எளிய வழி. ஆனால் `nvpmodel` மோடு என்பது எத்தனை சிபியு கோர் ஓடும், எது எவ்வளவு வேகம் வரை போகலாம் என்ற ஒரு தொகுப்பு. அது நம் நிரலின் தேவையைப் பார்த்து அமைந்ததல்ல. அதற்கு முன் கேட்க வேண்டியது, 30 பிரேம் எதற்கு என்பது. ரோபோவின் உச்ச வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர். 20 பிரேமில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே அது 6 சென்டிமீட்டர்தான் நகரும், நிறுத்தும் தூரக் கணக்குக்கு அது போதும். நிரல் முடிந்த அளவு வேகமாக ஓடும்படி எழுதப்பட்டிருந்ததால் 30 வந்தது, யாரும் கேட்டதால் அல்ல. 20-ல் கட்டினார்கள். மாட்யூல் 21 வாட்டிலிருந்து 16-க்கு இறங்கியது, மாற்றிகளின் இழப்பும் அரை வாட் குறைந்தது. மொத்தம் 32.5.

உள்காற்றை மறந்துவிடக் கூடாது. சிப் தப்பித்தாலும் மற்றவை அந்தக் காற்றில்தான் இருக்கின்றன. சாதாரண எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 70 டிகிரிதான் எல்லை. அதையும் ஒரு பேட் வைத்துச் சட்டத்தோடு ஒட்டினோம். உள்ளே காற்றைக் கலக்க ஒரு சின்ன விசிறி தங்கியது, ஓர் மூலையில் சூடு தேங்காமல் இருப்பதற்காக மட்டும்.

கட்டியின் கீழே

முதல் பூட்டலில் ஏமாற்றம். பழைய 21 வாட் சுமையிலேயே ஆய்வகத்தில் அளந்தோம். சிப்புக்கும் சுவருக்கும் 10 டிகிரி வித்தியாசம் எதிர்பார்த்த இடத்தில் 24 வந்தது. சுவரின் சூடும் காற்றின் சூடும் கணக்கோடு ஒத்துப்போயின, ஆகவே பிசகு கட்டியின் பாதையில்தான்.

கழற்றிப் பார்த்தபோது பேட் தானே சொன்னது. ஒரு பக்கம் நன்றாக அமுங்கிக் கட்டியின் ஓரக் கோடு பதிந்திருந்தது. மறுபக்கம் கடையிலிருந்து வந்தபோது இருந்த சொரசொரப்பு அப்படியே இருந்தது, உலோகம் தொட்டதற்கான அடையாளமே இல்லை. ஒரு நேர்விளிம்பு அளவுகோலைச் சுவர்மீது வைத்தோம். நடுவில் 0.4 மில்லிமீட்டர் குழிந்திருந்தது. மெல்லிய தகட்டை வளைத்துச் செய்த பெட்டிகளில் இது சகஜம். பேட் அதிகம் அமுங்கி ஈடுகட்டும் என்று விட்டால், திருகை இறுக்க இறுக்க அழுத்தம் மாட்யூல்மீதுதான் போகும். எனவே சுவரின் உட்பக்கத்தில் 4 மில்லிமீட்டர் தகடு ஒன்றைத் திருகி, அதன் முகத்தைச் சமமாகக் கடைந்தார்கள். கட்டிக்குக் கீழே சுருள்வில் வைத்த திருகுகள் போட்டதால் அழுத்தம் கையின் பலத்தைப் பொறுத்து மாறாமல் நின்றது. மறுபடி அளந்ததில் வித்தியாசம் 11 டிகிரி.

பின்னர் வந்த எண்கள்

பெயின்ட்டுக்கு முன்னும் பின்னும் அதே 38 வாட்டில் சுவர் ஏற்றத்தை ஒப்பிட்டோம். 36-லிருந்து 21-க்கு இறங்கியது. கணக்கு 18 என்றது. பெட்டியின் ஒரு முகம் ரோபோவின் உடலை நோக்கி இருந்ததுதான் இந்த மூன்று டிகிரிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். சூடான உடல் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுவரால் அந்தப் பக்கம் அதிகம் கதிர்வீச முடியாது.

கடைசிச் சோதனை 42 டிகிரி அறையில், 32.5 வாட்டில், நான்கு மணி நேரம். புதிய நேர மாறிலி அரை மணி நேரம் சுமார் என்பதால் எல்லாம் நிலைபெற அது தாராளம். சுவர் 60, சிப் 70, உள்காற்று 67. பிரேம் வேகம் ஓட்டம் முழுவதும் 20-ல் நின்றது. சிப் குளிர்ந்ததில் கூடுதலாக ஒரு லாபமும் வந்தது. அதே வேலைக்குச் சூடான சிப் கொஞ்சம் அதிக மின்சாரம் இழுக்கும், டிரான்சிஸ்டர்களின் கசிவு வெப்பத்தோடு ஏறுவதால். பழைய பதிவில் அதே சுமைக்கு 50 டிகிரியிலும் 95-லும் `VDD_IN` ஒன்றரை வாட் வித்தியாசம் காட்டியிருந்தது.

60 டிகிரிச் சுவர் வேறொரு கேள்வியை எழுப்பியது. வெறும் உலோகத்தைப் பத்து வினாடி பிடித்திருந்தால் தோல் சுடும் எல்லை 55 டிகிரி அளவு. ரோபோவைத் தூக்குபவர் பெட்டியின் ஓரத்தைத்தான் பிடிப்பார். தூக்கும் இடங்களில் பிளாஸ்டிக் கைப்பிடி போட்டு, எச்சரிக்கைச் சின்னம் ஒட்டினார்கள். சூட்டைச் சுவருக்கு நன்றாகக் கொண்டுபோனால் சுவர் சூடாகத்தான் இருக்கும், இதற்குத் தப்பிக்க வழியில்லை.

வெப்பமில்லாத இன்னொரு தடை

கூடத்தில் மறுபடி ஓட்டியபோது மந்தம் போயிருந்தது. ஆனால் வண்டி நின்ற நிலையிலிருந்து வேகமெடுக்கும்போது எப்போதாவது ஒன்றிரண்டு பிரேம் தாமதமானது. சிப் அப்போது 65 டிகிரியில் இருந்தது, வெப்பத்தைக் குறை சொல்ல முடியாது. இந்த எண்ணிக்கைகளைப் பார்த்தோம்:

```
grep "" /sys/class/hwmon/hwmon*/oc*_event_cnt
```

ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. மின்னழுத்தம் தாழ்ந்தாலோ மின்னோட்டம் எல்லை தாண்டினாலோ இந்த எண்ணிக்கைகள் கூடும், அந்தக் கணம் கடிகாரம் குறைக்கப்படும். வெளியிலிருந்து பார்த்தால் வெப்பத்தால் வேகம் குறைவதும் மின்சாரத்தால் குறைவதும் ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவது மெதுவாக வந்து நீடிக்கும், இரண்டாவது திடீரென்று வந்து மறையும், இந்த எண்ணிக்கையில் தடம் விட்டுப்போகும்.

மோட்டார் கிளம்பும்போது, பலகைக்கும் மோட்டாருக்கும் பொதுவாக இருந்த மெல்லிய ஒயரில் மின்னழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. பலகைக்கு பேட்டரியிலிருந்தே தனி ஒயர் இழுத்து, மாற்றியின் முகப்பில் ஒரு பெரிய மின்தேக்கி வைத்தார்கள். எண்ணிக்கை ஏறுவது நின்றது.

அடுத்த பெட்டியில் மாற்றுவது

மோட்டார் டிரைவர்களை இந்தப் பெட்டிக்குள் வைப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. அவற்றின் 6 வாட் மட்டும் சுவரை மூன்று டிகிரிக்கு மேல் ஏற்றுகிறது, அவை சிப்பைவிட அதிகச் சூட்டைத் தாங்கக்கூடியவை. சேஸியோடு நேராக ஒட்டும் தனிச் சின்னப் பெட்டி அவற்றுக்குப் போதும்.

கட்டி உட்காரும் சுவரை வளைத்த தகடாக இல்லாமல் கடைந்தெடுத்த துண்டாகவே கேட்டிருக்கிறார்கள். சோதனைப் படிவத்தில் "20 நிமிடம்" என்ற வரி போய், சுவர் வெப்பநிலை அரை மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் மாறாத வரை ஓட்ட வேண்டும் என்று வந்திருக்கிறது. சிப் எண்ணோடு சுவரின் எண்ணையும் சூழலின் எண்ணையும் எழுதினால்தான் படிவம் ஏற்கப்படும். ரோபோவிலேயே சுவரில் ஒரு வெப்ப உணரி நிரந்தரமாக ஒட்டியிருக்கிறது. சிப்புக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம் அதே சுமையில் 15 டிகிரியைத் தாண்டினால் பேட் காய்ந்துவிட்டதா, திருகு தளர்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லி ஓர் அறிவிப்பு வரும்.